பின்பக்கம் டிசைன் தெரிந்தால் அது கைமுடிச்சுக் கார்பெட்தானா?

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்குச் சேலம் அம்மாபேட்டை, தறிக்காரக் குடும்பம். ஏற்காட்டில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். ஹாலில் விரிக்க அங்கேயே ஒரு கடையில் 4க்கு 6 அடியில் கார்பெட் பார்த்தோம். காஷ்மீர் கைமுடிச்சு, சுத்தப் பட்டு, சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு, பழைய எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். 65,000 சொல்லி 42,000க்கு இறங்கினார். 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். பின்பக்கமும் டிசைன் அப்படியே தெரிகிறது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு நிறம், அந்தப் பக்கம் நின்றால் வேறு நிறம். ஒரு நூலை எரித்தும் காட்டினார், முடி கருகிய வாசம்தான் வந்தது. இவ்வளவும் சரியாக இருந்தும் மனசு ஒப்பவில்லை. கூடவே எங்கள் பாட்டி வைத்திருந்த ஜமக்காளத்தை 1,500க்கு எடுத்துக்கொண்டு அதையும் கழித்துக்கொள்கிறேன் என்கிறார். இரண்டின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் மீதிப் பணம் கொடுக்க வேண்டும். வாங்கலாமா?

— பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

வணக்கம் அம்மா. மீதிப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள், ஜமக்காளத்தையும் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பின்பக்கப் படத்தை வைத்துச் சொல்வதானால் அது மெஷினில் நெய்த கார்பெட். நூல் பட்டுதானா இல்லையா என்பதைப் படத்தை வைத்து என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது, அதற்கு நீங்களே வீட்டில் செய்யக்கூடிய சோதனையைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் பொய் இல்லை, ஆனால் அவை நீங்கள் நினைத்ததை நிரூபிக்கவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது, அதனால் அதையே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பின்பக்கப் படம் என்ன சொல்கிறது

முன்பக்கப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பீட்டுக்கு அது பெரிதாக உதவாது. நான் எப்போதும் முதலில் பார்ப்பது பின்பக்கம். பின்பக்கம் டிசைன் தெரிந்தால் கை வேலை என்று பலரும் சொல்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்றால், டஃப்டட் என்று ஒரு வகை இருக்கிறது, துணியை சட்டத்தில் இழுத்துக் கட்டி, துப்பாக்கி மாதிரியான கருவியால் நூலைக் குத்தி இறக்கி, பின்னால் ரப்பர் பசை பூசி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். அதில் பின்பக்கம் வெறும் துணிதான் தெரியும், டிசைன் தெரியாது. அந்த வகையைக் கைமுடிச்சு என்று விற்பவர்களிடமிருந்து தப்பிக்க இந்த அடையாளம் உதவும். ஆனால் விசைத்தறியில் நெய்த கார்பெட்டில் நூல், நீளவாக்கில் ஓடும் பாவுக்கும் குறுக்கே ஓடும் ஊடைக்கும் நடுவே புகுந்து பின்னால் வந்து போகிறது, அதனால் அதிலும் பின்பக்கம் டிசைன் தெளிவாகத் தெரியும். டிசைன் தெரிந்தால் டஃப்டட் இல்லை என்று மட்டும் சொல்லலாம், கை வேலை என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசைக்கு வரிசை நடுவில் வெள்ளையாக ஊடை நூல் ஓடுகிறது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, எங்கும் தடிப்பதும் இல்லை, மெலிவதும் இல்லை. கையில் முடிச்சுப் போடுகிறவர் ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் ஊடையை விட்டு, சீப்பு மாதிரியான கருவியால் அடித்து இறுக்குவார். காலையில் அடிக்கிற அடியும் சாயங்காலம் அடிக்கிற அடியும் ஒன்றாக இருக்காது. அதனால் நல்ல கைவேலையிலும் வரிசைகள் லேசாக ஏறி இறங்கும், ஒரே பூவின் இரண்டு இதழ்கள் ஒரு முடிச்சு கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். உங்கள் வீட்டில் கைத்தறி ஓடியிருக்கிறது, ஊடையை அடித்து நெருக்கும் பன்னையின் அடி வித்தியாசம் துணியில் எப்படித் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட உறுதியான அடையாளம் ஒன்று அதே படத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள மெரூன் பகுதியில், நீளவாக்கில், பச்சையும் கிரீமும் மெல்லிய கீற்றாக ஓடுவதைப் பாருங்கள். அந்த இடத்தில் முன்பக்கம் பச்சையே இல்லை. பிறகு பின்னால் எப்படிப் பச்சை வந்தது? ஜக்கார்டு வைத்த மெஷினில் எல்லா நிற நூலும் நீளவாக்கில் கூடவே ஓடிக்கொண்டிருக்கும், டிசைனுக்கு எந்த நிறம் வேண்டுமோ அது மட்டும் மேலே எழும்பும், மற்றவை உள்ளே படுத்துக்கொண்டு போகும். அந்தப் படுத்த நூல்தான் கீற்றாகத் தெரிகிறது. கைமுடிச்சில் இதற்கு வழியே இல்லை, ஏனென்றால் நெசவாளர் அந்தந்த முடிச்சுக்கு வேண்டிய நிறத்தை எடுத்துக் கட்டி அங்கேயே அறுத்துவிடுகிறார், அடுத்த இடத்துக்கு நூல் உள்ளேயே பயணம் போவதில்லை. இந்தக் கீற்றைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் போய்விட்டது.

முடிச்சுக் கணக்குக்கு வருவோம். நீங்கள் ஏதோ ஒரு நினைப்பில் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறீர்கள், அது எனக்குப் பெரிய உதவி. அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாணயத்தின் அகலத்துக்குள் குறுக்கே 11 புள்ளிகளும் நெடுக்கே 12 புள்ளிகளும் எண்ணினேன். அங்குலத்துக்கு மாற்றினால் சுமார் 10ம் 11ம், பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு 110 அளவில் வருகிறது. 324 என்றால் இரண்டு பக்கமும் 18 வந்திருக்க வேண்டும். கடைக்காரர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் மெஷின் என்று சொல்லவில்லை, அதையும் கவனியுங்கள். நாளைக்கு இன்னொரு கடையில் 18க்கு 18 எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் கைவேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இப்போது வருகிற மெஷின்கள் அந்த நெருக்கத்தையும் நெய்கின்றன. இன்னொரு இடறலும் உண்டு. சில கைமுடிச்சுக் கார்பெட்டுகளில் ஒரே முடிச்சு பின்னால் இரண்டு மேடாகத் தெரியும், அதை இரண்டாக எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். டிசைனில் ஒற்றை முடிச்சு அகலத்தில் ஓடுகிற கோடு எங்கேயாவது இருக்கும், அதைப் பார்த்து ஒரு முடிச்சுக்கு எத்தனை மேடு என்று தெரிந்துகொண்டு அப்புறம் எண்ண வேண்டும்.

குஞ்சத்தைப் பற்றி இரண்டு வரி. கைமுடிச்சில் குஞ்சம் என்பது தனியாக வைத்துத் தைப்பதல்ல, கார்பெட்டின் பாவு நூலே இரண்டு முனையிலும் வெளியே வந்து குஞ்சமாகிறது. உங்கள் மூன்றாவது படத்தில் குஞ்சம் ஒரு நாடாவோடு சேர்ந்து வந்து தையல் மெஷினில் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பழைய கைமுடிச்சுக் கார்பெட்டில் குஞ்சம் தேய்ந்துபோய்ப் புதிதாகத் தைத்துக்கொடுப்பது உண்டு, நானே எத்தனையோ தைத்திருக்கிறேன். அதனால் குஞ்சம் துணைச்சாட்சிதான்.

நீங்களே நேரில் உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது, இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கார்பெட்டை முன்பக்கம் மேலே வரும்படி, குறுக்கு வரிசையை ஒட்டி வெளிப்பக்கமாக மடியுங்கள். மடிப்பின் உச்சியில் முடி வகிடு எடுத்த மாதிரிப் பிரியும். அந்த வகிட்டின் அடியில் நூல் ஒவ்வொன்றும் பாவு நூலைக் கழுத்துப்பட்டை மாதிரிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் அது முடிச்சு. சுற்றாமல், வெறுமனே ஊடைக்கு அடியில் வளைந்து மேலே எழும்பி நின்றால் மெஷின். இதை ஒரு இடத்தில் செய்யாமல் மூன்று இடத்திலாவது செய்துபாருங்கள்.

பளபளப்பும் எரித்துக் காட்டியதும்

சேலத்துக்காரர்களுக்குப் பட்டு தெரியும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு, வெண்பட்டு நெய்த ஊர் என்பதால் அது நியாயமானதும்கூட. ஆனால் வேட்டியில் பட்டு நூல் படுத்துக் கிடக்கிறது, கார்பெட்டில் வெட்டப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது. தொட்டுப் பழகிய விரலுக்கே அது வேறு பொருளாகத்தான் படும். மரக்கூழிலிருந்து செய்கிற விஸ்கோஸ் நூலும் அதே மாதிரி வழவழப்பாகக் கார்பெட்டில் நிற்கும், பார்வைக்குப் பட்டைவிட ஒரு படி அதிகமாகவே மின்னும். ஆர்ட் சில்க், பாம்பூ சில்க் என்று எந்தப் பெயரில் வந்தாலும் பெரும்பாலும் இதே விஸ்கோஸ்தான்.

நிறம் மாறுவது பட்டின் குணம் இல்லை. மேலே நிற்கிற நூலெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூல் நம்மை விட்டு அப்பால் சாய்ந்திருக்கும் பக்கம் நின்று பார்த்தால் நூலின் உடம்பில் பட்ட வெளிச்சம் திரும்புகிறது, நிறம் வெளிறித் தெரிகிறது. எதிர்ப்பக்கம் நின்றால் நூலின் வெட்டிய முனைகள் கண்ணைப் பார்க்கின்றன, நிறம் ஆழமாகத் தெரிகிறது. பட்டு, கம்பளி, விஸ்கோஸ், பாலியஸ்டர் எதில் செய்தாலும் இது நடக்கும், மின்னுகிற நூலில் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

எரித்துக் காட்டிய விஷயத்தில் நான் கடைக்காரரைக் குற்றம் சொல்ல வரவில்லை, அவரிடம் சரக்குப் போட்டவர் சொன்னதையே அவரும் நம்பியிருக்கலாம். ஆனால் அந்த நூல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஓரத்தில் சுற்றியிருக்கும் நூலும், மேலே நிற்கிற நூலும், குஞ்சமும் மூன்று வேறு பொருளாக இருப்பது சர்வசாதாரணம். இன்னொன்று, முடி கருகிய வாசம் பட்டுக்கும் வரும், ஆட்டுக் கம்பளிக்கும் வரும். இரண்டும் விலங்கிலிருந்து வருகிற நூல்.

அதனால் சோதனையை நீங்களே, உங்கள் கையால் எடுத்த நூலில் செய்யுங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, மேல்பக்கத்தில் ஒரு மூலையில், வெவ்வேறு நிறத்தில் ஐந்தாறு கற்றைகளை ட்வீசரால் பிடுங்கி ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு எடுத்தால் வெளியே தெரியாது. அதற்கும் மறுத்தால் அந்த மறுப்பே ஒரு பதில்தான். வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துப் பற்றவையுங்கள். முடி வாசம் வந்து, விரலில் நசுக்கினால் கருப்புப் பொடியாகிற சாம்பல் என்றால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரிகிற வாசம், மெத்தென்ற சாம்பல் என்றால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர், நைலான் வகை. உருகுகிற நூலை விரலால் தொடாதீர்கள், ஒட்டிக்கொண்டு சுட்டுவிடும்.

மூக்கை நம்ப மனமில்லை என்றால் இதைவிடத் தெளிவான சோதனை இருக்கிறது. துணி வெளுக்கிற குளோரின் பிளீச் திரவத்தைப் புதிதாக வாங்கி, மூன்று கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் கார்பெட்டிலிருந்து எடுத்த கற்றை. இன்னொன்றில் வீட்டிலிருக்கும் பழைய வெண்பட்டு வேட்டியின் முனையிலிருந்து உருவிய நூல். மூன்றாவதில் பனியன் நூல். பட்டும் கம்பளியும் பிளீச்சில் கரைந்து காணாமல் போய்விடும், விஸ்கோஸும் பருத்தியும் பாலியஸ்டரும் கரையாது. எத்தனை நிமிடம் என்று நான் சொல்வதைவிட வேட்டி நூல் எப்போது கரைகிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் கடிகாரம். வேட்டி நூல் கரைந்து வெகுநேரம் ஆகியும் கார்பெட் நூல் அப்படியே கிடந்தால் அது பட்டு இல்லை. வேட்டி நூலே கரையவில்லை என்றால் பிளீச் பழசு, வேறு வாங்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் பிளீச்சோடு டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை மறந்தும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

எனக்குத் தோன்றுவது, உங்கள் கற்றை விஸ்கோஸாகவோ பாலியஸ்டராகவோ இருக்கும். இதில் எது என்பது விலைக்கு மட்டும் அல்ல, ஏற்காட்டில் விரிப்பதற்கும் முக்கியம். விஸ்கோஸ் ஈரத்தைக் குடிக்கும், ஈரமானால் அதன் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். மழை மாதங்களில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக ஹாலுக்குள்ளேயே வருகிற ஊர் அது. சில வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு வீட்டில் விஸ்கோஸ் கார்பெட்டில் காபி கொட்டியதை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டார்கள், தேய்த்த இடத்தில் நூல் படுத்து, மஞ்சளித்து, முரடாகி நின்றது, என்னால் எவ்வளவு முயன்றும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை. பாலியஸ்டர் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

42,000 எங்கே நிற்கிறது

விலையை எடைபோட நான் செய்கிற கணக்கு எளிது, நீங்களும் எந்தக் கடையிலும் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் சொன்னது எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 4க்கு 6 என்றால் 24 சதுர அடி. சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், ஆக 3,456 சதுர அங்குலம். அதை 324ஆல் பெருக்கினால் 11 லட்சத்து 19 ஆயிரத்துச் சொச்சம் முடிச்சு. கை தேர்ந்த நெசவாளர் ஒரு நாளைக்கு 8,000 முடிச்சு போடுகிறார் என்று கொள்ளுங்கள், அது நல்ல வேகம். 140 நாள் ஆகிறது. நாளைக்கு 400 ரூபாய் என்று மிகக் குறைவாகவே கூலி வைத்தாலும் கூலி மட்டும் 56,000. இதற்கு மேல் பட்டு நூல், சாயம், டிசைன் எழுதியவர், கழுவிக் கத்தரித்து முடித்தவர், காஷ்மீரிலிருந்து இங்கே வந்த செலவு, இடையில் இரண்டு மூன்று வியாபாரிகளின் லாபம். அப்படி ஒரு பொருளை 42,000க்கு யாராலும் கொடுக்க முடியாது, முதலில் சொன்ன 65,000க்கே கொடுக்க முடியாது. விலை குறைந்ததும் லாபம் என்று நமக்குத் தோன்றுகிறது, ஆனால் இந்தக் கணக்கில் பார்த்தால் அந்த விலையே சொன்ன பொருள் இது இல்லை என்று காட்டிக்கொடுக்கிறது.

மெஷின் கார்பெட் என்று வைத்துப் பார்த்தால்? 42,000ஐ 24ஆல் வகுத்தால் சதுர அடி 1,750 ரூபாய். இந்த நெருக்கத்தில், இந்த மாதிரி நூலில் வருகிற மெஷின் கார்பெட்டுக்குச் சதுர அடி 150லிருந்து 400 ரூபாய் வரை நான் மதிப்பு வைப்பேன், கடைக்கும் தரத்துக்கும் ஏற்ப அது மாறும். மொத்தம் 3,600லிருந்து 9,600 வருகிறது. பழைய பங்களா கதையால் விலை கூடாது. கைமுடிச்சுக்கு வயதால் மதிப்பு ஏறுவது உண்டு, மெஷின் கார்பெட்டுக்கு வயது என்பது தேய்மானம்தான்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு என்ன செய்வது

உங்களிடம் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. அட்வான்ஸ் சீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள், அதில் 'காஷ்மீர் சில்க் கார்பெட் 4×6' என்று கடைக்காரரே எழுதியிருக்கிறார். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்து, சண்டை இல்லாமல் ஒரு செய்தி அனுப்புங்கள். மீதிப் பணம் தருகிறோம், பில்லில் கைமுடிச்சு என்றும், மேல் நூல் நூறு சதவீதம் பட்டு என்றும், சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு என்றும் எழுதிக் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். போனில் பேசினாலும் பிறகு எழுத்தில் ஒருமுறை போடுங்கள். காஷ்மீர் கைமுடிச்சுக் கார்பெட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, 2022லிருந்து க்யூஆர் கோடு போட்ட லேபிள் கொடுக்கிறார்கள், அது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாத உண்மையான கார்பெட்டுகளும் ஏராளம், அதனால் லேபிள் இல்லாததை வைத்து மட்டும் பொய் என்று சொல்லிவிட முடியாது. லேபிள் காட்டினால் ஸ்கேன் செய்து, வருகிற அளவும் விவரமும் கையிலிருக்கும் கார்பெட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். பொருளை இல்லாத தரத்தில் சொல்லி விற்பது 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம், எனவே 'அட்வான்ஸ் திரும்பத் தரப்படாது' என்று வாயால் சொன்னதற்காகப் பயந்துபோய் மீதியையும் கட்டிவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் வைக்கலாம், தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம். ஆனால் 5,000 ரூபாய்க்காக அங்கே வரைக்கும் அலைவதா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும், நான் பார்த்தவரை எழுத்தில் கேட்டதும் பெரும்பாலும் பேச்சுவார்த்தையில் முடிந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அந்தக் கார்பெட் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால், சோதனையில் பாலியஸ்டர் என்று வந்தால், மெஷின் கார்பெட் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, கொடுத்த 5,000ஐயும் சேர்த்து மொத்தம் 7,000, 8,000க்குள் முடித்துக்கொள்வதில் தப்பில்லை. விஸ்கோஸ் என்று வந்தால் ஏற்காட்டு வீட்டுக்கு நான் வேண்டாம் என்பேன், சேலத்து வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த அறைக்கு என்றால் சரி.

பாட்டியின் ஜமக்காளம்

கார்பெட் படத்தைவிட ஜமக்காளப் படத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன், பின் என்று பக்கமே இல்லை, இரண்டும் ஒன்று. மேலே நிற்கிற நூலும் இல்லை, ஒட்டிய துணியும் இல்லை. தடித்த ஊடை நூல் பாவை முழுக்க மூடியிருக்கிறது, நீங்கள் பார்க்கிற சிவப்பும் பச்சையும் நீலமும் எல்லாம் ஊடையின் நிறம்தான். அடுத்தடுத்த சிவப்புப் பட்டைகளை அளந்தால் ஒன்று மற்றதைவிட இரண்டு மூன்று ஊடை கூடுதலாக இருக்கிறது. இந்த நெசவும் பட்டை அமைப்பும், இங்கிருந்து சங்ககிரி, குமாரபாளையம் போய்க் காவிரியைத் தாண்டினால் வருகிற பவானியின் வழக்கம், அதனால் இது பவானிக் கைத்தறி என்றே சொல்வேன். அந்த ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஜமக்காளம் நெய்வதையே 1985ஆம் வருஷச் சட்டம் கைத்தறிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறது, இருந்தும் விசைத்தறி நகல்கள் சந்தைக்கு வரத்தான் செய்கின்றன.

படத்தில் ஒரு மூலை பிய்ந்திருக்கிறதே, அந்தப் பிய்ந்த நூலில் கொஞ்சம் எடுத்து எரித்துப் பாருங்கள், பருத்தி என்றால் காகித வாசம் வரும். ஓரத்துப் பட்டை மட்டும் மின்னுகிறது, பவானியில் செயற்கைப் பட்டு நூல் போட்டு நெய்கிற வகையும் உண்டு, அது அப்படி இருக்கலாம். அதனால் அதை நகல் என்று நினைத்துவிட வேண்டாம்.

காசாகப் பார்த்தால் 1,500 என்பது அநியாய விலை இல்லை, பழைய ஜமக்காளத்துக்குப் பெரிய சந்தை கிடையாது, ஆயிரக்கணக்கில் போகும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் ஏற்காட்டு ஹாலுக்கு இந்த இரண்டில் எது என்று கேட்டால் நான் இதைத்தான் விரிப்பேன். பசை இல்லை, ஈரம் பட்டால் எடுத்துக் கொடியில் போட்டுக் காயவைத்துவிடலாம், திருப்பிப் போட்டால் இன்னொரு பக்கம் புதிதாக இருக்கும். சிவப்பில் மட்டும் ஒரு ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் நனைத்துத் துவைக்காமல் தட்டி வெயிலில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிய்ந்த மூலையைப் பரவ விடாமல் தடித்த பருத்தி நூலில் கையாலேயே தைத்துவிடலாம், மெஷின் தையல் போட்டால் அந்த இடம் இழுத்துச் சுருங்கும்.

கடைக்குப் போகும்போது எனக்கு இன்னும் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். கார்பெட்டை மடித்து வகிடு பிரிந்த இடம் ஒன்று. குஞ்சமும் உடம்பும் சேருகிற இடம் பின்பக்கத்திலிருந்து ஒன்று. பின்பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டினாற்போல் வைத்து, நேர் மேலேயிருந்து ஒன்று. ஃபிளாஷ் போடாதீர்கள், அது மேடு பள்ளத்தையெல்லாம் அழித்துவிடும், வாசலோரம் கொண்டுவந்து பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி எடுங்கள். வகிட்டுப் படத்தில் முடிச்சு தெரிந்தால் மேலே மெஷின் என்று நான் சொன்னது தப்பு, அப்படி இருந்தால் உடனே திருத்திச் சொல்கிறேன், அதுவரை பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.